கழித்தலில் மிஞ்சும் பிள்ளை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் இரவில் எங்கள் கரையோரத்து ஊர்கள் உறங்குவதில்லை. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு விளக்கெரியும். முற்காலத்தில் பாடசாலை மதிலில் ஒட்டப்படும் தாளுக்காகக் காத்திருந்தவர்கள் இன்று கைத்தொலைபேசியின் முன் காத்திருக்கிறார்கள். விடிந்ததும் சந்திகளிலே பதாகைகள் எழும். முகநூலில் தனியார் கல்வி நிலையங்களின் வாழ்த்துப் படங்கள் வரிசைகட்டி நிற்கும். படத்தின் கீழே நாலைந்து வரி வாசகம். அந்த நாலைந்து வரியை எழுதும் பொறுப்புப் பல ஆண்டுகளாக நமக்கு வாய்த்திருக்கிறது.

நாம் கல்லூரி ஒன்றிலே கணிதம் கற்பிப்பவர். கல்முனையில் நமது நண்பரொருவர் சிறிய கல்வி நிலையமொன்றை நடத்துகிறார். தகரக் கூரையின் கீழ் இரண்டு மண்டபங்கள், முப்பது வாங்குகள், ஒரு கரும்பலகை. அவ்வளவே அதன் சொத்து. வார இறுதிகளில் நாம் அங்கு சென்று கைகொடுப்பதுண்டு. “சேர், தமிழ் உங்களுக்குத்தான் நல்லா வரும். இந்தப் படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதித் தாங்க” என்று நண்பர் முதன்முதலாகக் கேட்டபோது, அதில் பிழை நேரக்கூடும் என்று நாம் எண்ணவேயில்லை.

பிழை நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பில் பதினான்கு மாணவர் இருந்தனர். பதினொருவர் கணிதத்தில் சித்தியடைந்தனர். பதினொருவரின் பெயர்களையும் அழகாக வரிசைப்படுத்தி, “எமது நிலையத்துக்குப் பெருமை சேர்த்த மாணவச் செல்வங்கள்” என்று நாமே தலைப்பிட்டோம். சித்தியடையாத மூவரைப் பற்றி ஓரெழுத்தும் எழுதவில்லை. அதுவே அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நம்பியிருந்தோம்.

மறுநாள் மாலை ஒரு தாயார் வந்தார். வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சேர், நான் சண்ட புடிக்க வரல்ல. என்ட மகள்ட பேர நீங்க போடல்ல. ஆனா போடாமலே அவ பெயிலெண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்க. காலத்தால இருந்து ஆறு பேர் கோல் எடுத்துக் கேட்டுட்டாங்க.”

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. கணிதம் கற்பிக்கும் நமக்கு அந்தத் தாயார் கழித்தல் கணக்கொன்றைக் கற்பித்துவிட்டுப் போனார். பதினான்கிலிருந்து பதினொன்றைக் கழித்தால் மூன்று மிஞ்சும் என்பது மட்டுமன்று. அந்த மூவர் யாவர் என்பதும் ஊராருக்குத் தெரியும் என்பதை நாம் மறந்திருந்தோம்.

எங்கள் ஊர்களின் அமைப்பு அத்தகையது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் வீட்டுச் சுவர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எந்தப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறது என்பது முன்வீட்டுக்கும் தெரியும், பின்வீட்டுக்கும் தெரியும். வகுப்பிலிருப்போரின் முழுப் பட்டியலும் எழுதப்படாமலே ஊரின் மனத்தில் இருக்கிறது. நாம் வெளியிடும் வெற்றிப் பட்டியல் அதன் பக்கத்திலே போய் உட்காருகிறது. பெரிய பட்டியலிலிருந்து சிறிய பட்டியலைக் கழித்துப் பார்க்க எவருக்கும் அரை நிமிடம் போதும். வென்றவர் பெரும்பாலும் தம் வெற்றியைத் தாமே சொல்லிக்கொள்வார்கள். ஆதலால் வாசகம் எழுதுபவர் காக்கவேண்டியது முதலிலே கழித்தலில் மிஞ்சும் பிள்ளையைத்தான்.

அன்று கற்ற பாடத்தை இவ்வாண்டுதான் முழுமையாகச் செயற்படுத்திப் பார்த்தோம். பெறுபேறு வெளியான மறுநாட் காலையில், நிலையத்திலே உதவிக்கிருக்கும் தம்பி ஒருவர் படங்களும் வாசகமும் ஆயத்தமாக வைத்திருந்தார். இக்காலத்துப் பிள்ளை, அந்தரங்கம் பேணவேண்டும் என்பதை அறிந்தவர். “பேர் ஒண்டும் இல்ல சேர், எல்லாத்தையும் மறைச்சிட்டன்” என்று பெருமையோடு காட்டினார். பெயர் ஒன்றுமில்லைத்தான். ஆயினும் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, பெயரை மறைப்பதும் ஆளை மறைப்பதும் வெவ்வேறு என்பது தெளிவாயிற்று.

முதலாவது, பெறுபேற்றுத் தாளின் படம். கைத்தொலைபேசித் திரையை அப்படியே பிடித்து, பெயரின் மேல் கறுப்புக் கோடு இழுத்திருந்தார். கீழே சுட்டெண் அப்படியே இருந்தது. பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலே பெறுபேற்றைப் பார்ப்பதற்குக் கேட்கப்படுவது சுட்டெண்ணோ தேசிய அடையாள அட்டை இலக்கமோதான். கடவுச்சொல் எதுவும் வேண்டியதில்லை. எனவே சுட்டெண்ணைக் காட்டுவது, பூட்டிய வீட்டின் திறப்பை வாசலிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பானது. பார்ப்பவர் அந்த எண்ணை இணையத்தளத்தில் இட்டால் மறைத்த பெயரும் எல்லாப் பாடங்களின் பெறுபேறும் திரையில் வந்துவிடும். மேலும் ஒரே பாடசாலையில் தோற்றுவோருக்குச் சுட்டெண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே அமைகின்றன. ஒருவருடைய எண் கிடைத்தால், கடைசி இலக்கத்தை மாற்றி மாற்றி அவருடைய வகுப்புத் தோழரின் பெறுபேறுகளையும் பார்த்துவிடலாம். அனுமதி கேட்கப்படாத பிள்ளைகளும் அதிலே அகப்படுகின்றனர்.

அடையாள அட்டை இலக்கம் இதனினும் கேடானது. புதிய பன்னிரண்டு இலக்க முறையிலே முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளையாயின் அந்த நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த எண் வெளியானால் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் கூடவே வெளியாகின்றன. வாழ்நாள் முழுதும் மாறாத எண் அது.

சுட்டெண்ணையும் கறுப்பாக்கிவிடலாமே என்றார் தம்பி. அந்தக் கறுப்பைச் சோதிக்கச் சொன்னோம். தொலைபேசியிலுள்ள வர்ணப் பேனாக்கள் சில முழுக்கறுப்பு அல்ல. கண்ணாடித்தாள் போல மெல்லிய கறுப்பு. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் எழுத்து நிழல்போல எழுந்து நின்றது. தம்பி திகைத்துப் போனார். தாளின் படத்தை மறைத்துப் போடுவதிலும் அதனைப் போடாதிருப்பதே நன்று. தெரிவிக்கவேண்டியதை நாமே புதிதாகத் தட்டச்சுச் செய்தால், மறைக்கவேண்டியது எதுவும் அந்தப் படத்திலே இராது.

இரண்டாவது, பெயருக்குப் பதிலாக இட்ட அடையாளங்கள். சில மாணவிகளுக்குப் படத்தின் இடத்தில் ஒரு ரோசாப்பூவும், கீழே முதலெழுத்துகளும், பாடசாலைப் பெயரும் இருந்தன. பெண்பிள்ளைகளின் முகத்தைப் பொதுவிலே போடுவதை விரும்பாத குடும்பங்கள் இங்கு பலவுண்டு. அந்த விருப்பத்துக்கு மதிப்பளித்துப் பூவை இடுவது எங்கள் பகுதியின் வழக்கமாகியிருக்கிறது. ஆனால் பூ மறைப்பது முகத்தை மட்டுமே. தந்தை பெயரின் முதலெழுத்தும் பாடசாலையும் ‘ஒன்பது ஏ’யும் சேர்ந்தால், அவ்வூரில் அந்த விபரத்துக்குப் பொருந்தும் பிள்ளை ஒருவராகவே இருக்கக்கூடும். தனித்தனியே பார்த்தால் ஆளைக் காட்டாத மூன்று செய்திகள் ஒன்றாகும்போது ஆளைக் காட்டிவிடுகின்றன. உயர்தரப் பெறுபேற்றிலே வரும் மாவட்ட நிலையும் இப்படிப்பட்டதே. அம்பாறை மாவட்டத்தில் இன்ன பிரிவில் இத்தனையாம் இடம் என்றால், அது பெயரைப்போலத் தனியொருவரைச் சுட்டும் எண்.

மூன்றாவது, எண்ணிக்கை. இங்கேதான் நம்மை நாமே மிகவும் சோதிக்கவேண்டியிருந்தது. தம்பி எழுதியிருந்த வாசகம் இது: “23 மாணவரில் 21 பேர் கணிதத்தில் சித்தி! ஏ 6, பீ 5, சீ 6, எஸ் 4.” ஒரு பெயரும் இல்லை, வெறும் எண்கள். இருபத்து மூன்றிலிருந்து இருபத்தொன்றைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு. அந்த மாணவர் இருவரும் 35 புள்ளிக்குக் கீழே பெற்று ‘டபிள்யூ’ வாங்கியவர்கள் என்பது உடனே விளங்கிவிடும். இருபத்தொரு குடும்பங்களும் தத்தம் மகிழ்ச்சியை அயலிலே சொல்லச் சொல்ல, சொல்லாத இரண்டு வீடுகள் தாமாகவே வெளிச்சத்துக்கு வரும்.

மொத்தத் தொகையை எடுத்துவிடுவோம் என்றார் நண்பர். எடுத்தும் பயனில்லை. ஏனெனில் பரீட்சைக்கு முன் நடந்த பிரியாவிடை விழாவின் படத்தை நிலையமே முகநூலில் இட்டிருந்தது. அதிலே இருபத்து மூன்று முகங்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றன. ஏ, பீ, சீ, எஸ் ஆகியவற்றைக் கூட்டினால் இருபத்தொன்று. முந்திய படத்தையும் இன்றைய வாசகத்தையும் பக்கத்திற் பக்கம் வைப்பவருக்கு மீண்டும் அந்த இரண்டு அகப்பட்டுவிடும். ஒரு வாசகத்தை எழுதும்போது அதனை மட்டும் பார்த்தாற் போதாது. முன்னே நாம் வெளியிட்டவற்றோடு சேர்த்துக் கழித்துப் பார்க்கவேண்டும்.

அரசாங்கப் புள்ளிவிபர அலுவலகங்களுக்கு இது புதிய செய்தியன்று. ஓர் அட்டவணையிலே மிகச் சிறிய எண் வருமாயின் அதனை அச்சிடாது விடுவது அவர்களின் வழக்கம். அத்துடன் நில்லாமல், கூட்டுத்தொகையிலிருந்து கழித்து அதனை மீட்காதபடி வேறோர் எண்ணையும் சேர்த்தே மறைப்பார்கள். நாமும் அதே வழியைக் கைக்கொண்டோம். சீயும் அதற்கு மேலும் பெற்றவர் பதினெழுவர். “17 பேர்” என்று எழுதினால் மிஞ்சியோர் அறுவர் என்பது உறுதியாகிவிடும். “பாதிக்கு மேற்பட்டோர்” என்று எழுதினால் அது பன்னிருவராகவும் இருக்கலாம், இருபத்திருவராகவும் இருக்கலாம். மிஞ்சியோர் எத்தனைபேர் என்று தெரியாதபோது கழித்தற் கணக்கு நின்றுவிடுகிறது. சொன்னது உண்மை, அதனால் ஒரு பிள்ளையும் வெளிப்படவில்லை.

“எல்லாரும் பாஸ் ஆகியிருந்தா நூறு வீதம் எண்டு போடலாந்தானே சேர்?” என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அவ்வாண்டில் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் அடுத்த ஆண்டு நூறு வீதம் வராவிட்டால் என்ன எழுதுவது? சென்ற ஆண்டு முழங்கியவர் இவ்வாண்டு வாய்மூடியிருந்தால் அந்த மௌனமே செய்தியாகிவிடும். வருந்தோறும் ஒரே அளவாகச் சொல்லக்கூடியதையே இவ்வாண்டும் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தோம்.

இதற்கிடையே ஒரு தந்தையார் வந்து சேர்ந்தார். கடற்றொழில் செய்பவர். மகனுக்கு ஒன்பது ஏ. முகத்திலே அத்தனை ஒளி. “என்ட புள்ளட பேரக் கொட்டையெழுத்துல போடுங்க சேர். எங்கட குடும்பத்துல இதான் மொத ஒன்பது ஏ” என்றார். கூட வந்த தாயார் அவர் சட்டையை மெல்ல இழுத்தார். “வேணாம் சேர். கண்ணூறு பட்டிரும்.” மகன் இருவருக்கும் பின்னால் தலைகுனிந்து நின்றான். மறைப்பதையே பேசிக்கொண்டிருந்த நமக்கு இங்கே வேறொரு சங்கடம். உழைத்துப் பெற்ற வெற்றியை ஊரறியச் சொல்ல விரும்பும் ஏழைத் தகப்பனிடம், அந்தரங்கத்தைப் பேசி வாயடைப்பது நியாயமா?

இதிலே பிற இடத்தார் வகுத்த நெறிகள் நமக்குத் துணைநின்றன. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை 2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கென வழிகாட்டல்களை வெளியிட்டது. மாணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவருடைய பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் இடலாகாது. அந்தச் சம்மதமும் அவர் வெற்றிபெற்ற பின்னரே பெறப்படவேண்டும் என்பது அதில் ஒன்று. வகுப்பிலே சேரும் நாளில் விண்ணப்பப் படிவத்தோடு வாங்கும் கையெழுத்துப் பயன்படாது. அன்று பிள்ளைக்குத் தன் பெறுபேறு தெரியாது. இடந்தராமல் விடுவார்களோ என்ற அச்சமும் இருக்கும். எந்தப் பாடநெறியைக் கற்றார் என்பதையும் சொல்லவேண்டும் என்பது இன்னொன்று. இதுவும் நமக்குப் பொருந்தியது. நாம் கற்பித்தது கணிதம் ஒன்றே. மற்றை எட்டு ஏக்களும் அவனுடைய பாடசாலை ஆசிரியர்களின் உழைப்பு. “எமது நிலையத்தின் ஒன்பது ஏ” என்று எழுதினால் அது பிறருடைய விளைச்சலை நம் களஞ்சியத்திற் சேர்ப்பதாகும்.

எங்கள் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினாறு வயதுக்குக் குறைந்தவரைப் பிள்ளை என வகுத்து, பிள்ளை பற்றிய தரவைச் சிறப்புக் கவனத்துக்குரிய வகையிலே சேர்த்திருக்கிறது. பிள்ளைக்காகச் சம்மதம் அளிப்பவர் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ ஆவர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும் பத்து வயதுக் குழந்தைகளின் படங்கள் சந்திக்குச் சந்தி தொங்கும் ஊரில் இதனை நினைவிற் கொள்வது தகும். முதலிடம் பெற்றோரைப் பெயர்சொல்லி அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டரசு 2017 இல் பன்னிரண்டாம் வகுப்புப் பெறுபேற்றோடு கைவிட்டது.

பதினாறு வயதுப் பையனிடம் பெற்றோரின் முன் கேட்டால் அவன் தந்தைக்காக ஒரு மறுமொழி சொல்வான். ஆகவே அவனைக் கரும்பலகைப் பக்கம் தனியே அழைத்துச் சென்று, எழுதக்கூடிய வாசகத்தை அப்படியே ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். “இவ்வளவுதான் வரும். இன்றைக்கே சொல்லவேண்டியதில்லை. பிறகு வேண்டாமென்றாலும் எடுத்துவிடுவோம். ஆனால் மற்றவர்கள் பகிர்ந்ததை நம்மால் திருப்பி எடுக்க முடியாது” என்றோம். அவன் தாளை இருமுறை வாசித்தான்.

“பேர் வேணாம் சேர். எனக்குப் பக்கத்துல இருந்து படிச்சவனுக்குக் கணக்கு டபிள்யூ. ராவு முழுக்க அழுதிருக்கான். என்ட பேரப் பாத்தா எல்லாரும் அவன்ட பேரக் கேப்பாங்க” என்றான். பிறகு சற்று யோசித்து, “வாப்பாட கையில ஒரு கடிதம் குடுத்தாப் போதும்” என்றான்.

நாம் பல ஆண்டு தேடிய விடை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. இருபத்து மூன்று மாணவருக்கும் ஒரே மாதிரியான இருபத்து மூன்று உறைகள் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பிள்ளையின் உழைப்பைக் குறித்து நண்பர் கையெழுத்திட்ட கடிதம். டபிள்யூ பெற்ற இருவரின் கடிதத்திலே, எந்த அலகில் அவர்கள் தேறியிருந்தார்கள், எந்த அலகை மீண்டும் படித்தால் அடுத்தமுறை சித்தியடையலாம் என்பதை நாமே எழுதினோம். உறைகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது.

முகநூலுக்கு, கரும்பலகையும் வெறும் வாங்குகளும் தெரியும் ஒரு படத்தை எடுத்து, அதன் கீழ் இதனை எழுதினோம்:

“இவ்வாண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில், எம்மிடம் கணிதம் கற்றோரிற் பாதிக்கு மேற்பட்டோர் சீ அல்லது அதற்கு மேற்பட்ட சித்தி பெற்றுள்ளனர். ஓராண்டு முழுவதும் சனி, ஞாயிறு காலைகளில் இந்த வாங்குகளில் அமர்ந்து உழைத்த அனைவருக்கும் எமது பாராட்டு. மீண்டும் தோற்ற விரும்புவோருக்கான வகுப்பு அடுத்த மாதம் முதற் சனிக்கிழமை தொடங்கும். மாணவரின் பெயர்களையும் பெறுபேற்றுத் தாள்களையும் நாம் வெளியிடுவதில்லை. வாழ்த்துவோரும் பெயர் குறிப்பிடாது வாழ்த்துமாறு வேண்டுகிறோம்.”

கடைசி வரியை அவசியங் கருதியே சேர்த்தோம். நாம் மறைத்த பட்டியலை வாழ்த்துவோரே ஒவ்வொரு பெயராக எழுதி மீண்டும் கட்டிவிடுவதுண்டு. இடுவதற்கு முன் ஒரு சோதனையும் செய்தோம். வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளையும் அறிந்த பக்கத்து வீட்டுக்காரராக நம்மைப் பாவித்து, இதனைக் கொண்டு எந்தப் பிள்ளையின் பெறுபேற்றையாவது சொல்ல முடியுமா என்று வாசித்தோம். முடியவில்லை. உண்மையில்லாத சொல் ஏதும் உண்டா என்று பார்த்தோம். அதுவும் இல்லை.

பக்கத்து நிலையங்களின் வண்ணப் பதாகைகளுக்கு முன்னே நமது வாசகம் சோபிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இதனால் புதிதாகச் சேர்வோர் குறைவார்களோ என்று நண்பர் இன்றும் கவலைப்படுகிறார். அந்தக் கவலைக்கு நம்மிடம் கணக்கில்லை. ஆனால் அந்தக் கடற்றொழிலாளி கடிதத்தைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டு, கரையிலே வலையிழுப்பவர் ஒவ்வொருவருக்கும் தாமே விரித்துக் காட்டியதாகக் கேள்விப்பட்டோம். அவர் மகனின் செய்தி. அவர் விரும்பியவருக்கு, அவர் வாயாலே சொன்னார். தாயாருக்குத் தெரியாமற் சொன்னார் என்பதும் கேள்வி.

முன்னொரு நாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயாரின் மகள், மறு ஆண்டே மீண்டும் தோற்றி சீ பெற்றாள். அன்று அவளே தொலைபேசியில் அழைத்து, “சேர், பாஸ். இத எங்கயும் போட்டுறாதீங்க” என்று சிரித்தாள். இவ்வளவு காலமும் போடவில்லை. இன்று இங்கே எழுதுவதற்கும் அவளிடம் கேட்டோம். பெயரும் ஆண்டும் இல்லாமல் எழுதலாம் என்றாள்.